துளையிட்ட தகட்டை எந்த இடத்தில் தூக்குவது?

மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், 20 மில்லிமீட்டர் தடிமன். தொட்டிகளும் கொதிகலன்களும் செய்யும் பட்டறைகளில் இந்த அளவு எஃகுத் தகடு சர்வசாதாரணம். எஃகின் அடர்த்தி கனமீட்டருக்கு 7,850 கிலோ என்று வைத்துக்கொண்டால் இதன் எடை 942 கிலோ வரும். நான்கு மூலைகளிலும் ஒரே நீளமுள்ள சங்கிலிகளை மாட்டி, நான்கையும் கிரேனின் கொக்கியில் சேர்த்துத் தூக்கினால், தகடு எந்தப் பக்கமும் சாயாமல் மட்டமாக எழும்பும். கொக்கி தகட்டின் நட்ட நடுவுக்கு மேலே நிற்கிறது, எடையும் அதே நடுவில்தான் குவிந்திருக்கிறது. அதனால் சிக்கல் இல்லை.

அதே தகட்டில் வலப்பக்கம் சற்று மேலே தள்ளி, ஒரு மீட்டர் விட்டத்துக்கு வட்டமாக கேஸ் கட்டிங் செய்து எடுத்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெட்டிய பிறகு பழைய சங்கிலிகளையே மாட்டித் தூக்கினால் தகடு இடப்பக்கம் சாயும். கொக்கி தகட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், இடது விளிம்பு வலது விளிம்பைவிட ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் தாழ்ந்து தொங்கும். எண்ணூறு கிலோ இரும்பு அப்படிச் சாய்ந்தபடி ஆடும்போது அதன் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

தகட்டின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்ததுபோல நடந்துகொள்ளும் அந்த இடத்தைப் பள்ளிப் பாடம் ஈர்ப்பு மையம் என்கிறது. தகடு எங்கும் ஒரே தடிமனும் ஒரே உலோகமுமாக இருந்தால் எடையைப் பற்றியே பேசாமல் பரப்பை மட்டும் வைத்து அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்கலாம். பொறியியல் மாணவர்கள் இதைத்தான் சென்ட்ராய்டு என்று படிக்கிறார்கள். துளை போட்ட பிறகு அந்தப் புள்ளி எங்கே போனது என்பதுதான் கிரேன் ஓட்டுபவருக்கும் தேர்வு எழுதும் மாணவருக்கும் பொதுவான கேள்வி.

நேர்வழியில் இறங்கினால் இது தொல்லை பிடித்த வேலை. மீதமிருக்கும் வடிவத்துக்குப் பெயரே கிடையாது. வெளியே செவ்வகம், உள்ளே வட்டமான ஓட்டை. அதைச் சிறு சிறு பட்டைகளாக நறுக்கி, ஒவ்வொரு பட்டையின் நீளத்தையும் கணக்கிட்டுக் கூட்டலாம். துளை குறுக்கே வரும் இடத்தில் ஒவ்வொரு பட்டையும் இரண்டு துண்டாகும், அந்தத் துண்டுகளின் நீளம் வட்டத்தின் வளைவுக்கு ஏற்ப மாறிக்கொண்டே போகும். தொகையிடல் தெரிந்தவர்கள் செய்துவிடலாம். ஆனால் இவ்வளவு எளிய ஒரு வடிவத்துக்கு அவ்வளவு பாடு தேவையில்லை.

தேவையில்லாமல் போவதற்குக் காரணம், நமக்கு இரண்டு வடிவங்களின் மையம் கணக்குப் போடாமலே தெரியும் என்பதுதான். செவ்வகத்தின் மையம் அதன் மூலைவிட்டங்கள் வெட்டும் இடம். வட்டத்தின் மையம் வட்டத்தின் மையமேதான். துளையிட்ட தகட்டையும் வெட்டி எடுத்த வட்டத்தையும் மறுபடி பொருத்தினால் முழுச் செவ்வகம் கிடைத்துவிடும். ஆகவே முழுச் செவ்வகம் தன் ஒரு விளிம்பைப் பொறுத்து உண்டாக்கும் திருப்புத்திறன், மீதித் தகடும் வட்டமும் தனித்தனியே உண்டாக்கும் திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாகத்தான் இருக்க வேண்டும். இங்கே திருப்புத்திறன் என்பது பரப்பை, அந்த விளிம்பிலிருந்து அதன் மையம் இருக்கும் தூரத்தால் பெருக்கிக் கிடைப்பது.

இந்த வாக்கியத்தில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. இரண்டு தெரிந்தவை, ஒன்று தெரியாதது. வட்டத்தை மறுபக்கத்துக்குக் கொண்டுபோனால் அதன் முன் ஒரு கழித்தல் குறி வந்து சேரும். மீதித் தகடு என்பது செவ்வகத்திலிருந்து வட்டத்தைக் கழித்தது. கழித்தல் குறி போட்ட அந்த வட்டத்தைத்தான் எதிர்ப்பரப்பு என்கிறார்கள். பரப்பு எதிர்மறையாக இருக்க முடியுமா என்று மாணவர்கள் கேட்பது நியாயமே. துளைக்குள் விசித்திரமான பொருள் எதுவும் இல்லை. ஒரு சமன்பாட்டின் உறுப்பு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறியபோது பெற்ற குறிதான் அது. அந்தக் குறியை வைத்துக்கொண்டே, இரண்டு தகடுகளைச் சேர்த்து மையம் காண்பதுபோல, பழகிய அதே கணக்கைப் போடலாம் என்பதுதான் இந்த முறையின் வசதி.

இனி தகட்டுக்கு வருவோம். இடது கீழ் மூலையிலிருந்து எல்லாத் தூரங்களையும் சென்டிமீட்டரில் அளக்கலாம். செவ்வகம் 300 நீளம், 200 உயரம். அதன் பரப்பு 60,000 சதுர சென்டிமீட்டர். அதன் மையம் இடமிருந்து 150, கீழிருந்து 100. துளையின் ஆரம் 50. அதன் பரப்பு 3.1416 × 50 × 50, அதாவது 7,854. துளையின் மையம் இடமிருந்து 220, கீழிருந்து 120 என்று வைத்துக்கொள்வோம்.

மீதிப் பரப்பு 60,000 − 7,854 = 52,146.

இடது விளிம்பைப் பொறுத்துச் செவ்வகத்தின் திருப்புத்திறன் 60,000 × 150, அதாவது 90,00,000. வட்டத்தினுடையது 7,854 × 220, அதாவது 17,27,880. கழித்தால் 72,72,120. இதை மீதிப் பரப்பான 52,146-ஆல் வகுத்தால் 139.46 கிடைக்கிறது. கீழ் விளிம்பைப் பொறுத்தும் இதையே செய்ய வேண்டும். 60,00,000-இலிருந்து 9,42,480-ஐக் கழித்தால் 50,57,520. அதை 52,146-ஆல் வகுத்தால் 96.99.

பழைய மையம் 150, 100. புதிய மையம் 139.5, 97. இடப்பக்கம் பத்தரை சென்டிமீட்டரும் கீழே மூன்று சென்டிமீட்டரும் நகர்ந்திருக்கிறது. மொத்தத் தகட்டில் எட்டில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதலான பரப்பைத்தான் வெட்டி எடுத்தோம். நகர்வும் மொத்தமாகப் பார்த்தால் 11 சென்டிமீட்டர்தான். ஆனால் கொக்கிக்குக் கீழே நிற்க வேண்டிய புள்ளி 11 சென்டிமீட்டர் விலகியிருந்தால் தகடு நான்கு பாகைக்கு மேல் சாய்ந்துதான் சமநிலைக்கு வரும். தொங்கும் எந்தப் பொருளும் தன் ஈர்ப்பு மையம் கொக்கிக்கு நேர் கீழே வரும்வரை திரும்பிக்கொண்டேதான் இருக்கும்.

இந்த விடையைச் சற்று உற்றுப் பார்த்தால் அதற்குள் இன்னொரு விதி இருப்பது தெரியும். பழைய மையத்திலிருந்து துளையின் மையம் வலப்பக்கம் 70, மேலே 20 தள்ளியிருந்தது. புதிய மையமோ இடப்பக்கம் 10.54, கீழே 3.01 தள்ளியிருக்கிறது. 70-க்கும் 20-க்கும் உள்ள விகிதமும் 10.54-க்கும் 3.01-க்கும் உள்ள விகிதமும் ஒன்றே. அதாவது துளையின் மையம், பழைய மையம், புதிய மையம் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. பழைய மையம் நடுவில், மற்ற இரண்டும் இரண்டு புறமும். எவ்வளவு நகரும் என்பதையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். துளைக்கும் பழைய மையத்துக்கும் உள்ள தூரத்தைத் துளையின் பரப்பால் பெருக்கி, மீதிப் பரப்பால் வகுத்தால் போதும். இங்கே 72.8 × 7,854 ÷ 52,146, அதாவது 10.96. மேலே இரண்டு முறை போட்ட கணக்கை இந்த ஒரு வரி முடித்துவிடுகிறது.

இந்த விதி பழையது, மிகப் பழையது. சிராக்கூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் எழுதிய ‘தளங்களின் சமநிலை குறித்து’ என்னும் நூலின் முதல் பாகத்தில் எட்டாவது கூற்றாக இது வருகிறது. ஒரு பொருளிலிருந்து ஒரு பகுதியை எடுத்துவிட்டால், மீதியின் மையம் எங்கே இருக்கும் என்பதை அவர் சொல்கிறார். எடுத்த பகுதியின் மையத்தையும் முழுப் பொருளின் மையத்தையும் இணைக்கும் கோட்டை அப்பால் நீட்டினால் அதன்மேல் இருக்கும், எவ்வளவு அப்பால் என்பதை எடுத்ததற்கும் மீந்ததற்கும் உள்ள விகிதம் தீர்மானிக்கும். அவர் இறந்தது கி.மு. 212-இல், ரோமானியர் அந்த நகரத்தைப் பிடித்தபோது. கிரேக்கக் கணிதத்தில் அன்று எதிர்மறை எண்ணே கிடையாது. அதனால் அவர் விகிதங்களாலும் கோடுகளாலும் பேசினார். கடன், செல்வம் என்ற பெயர்களில் எதிர்மறை எண்ணுக்கும் நேர்மறை எண்ணுக்கும் விதிகளை எழுதிவைத்தவர் பிரம்மகுப்தர், கி.பி. 628-இல். இன்று மாணவர் ஒருவர் கழித்தல் குறி போட்டு இரண்டு நிமிடத்தில் முடிக்கும் இந்தக் கணக்கில், சிராக்கூஸின் வடிவியலும் பிரம்மகுப்தரின் கடன் கணக்கும் சேர்ந்தே இருக்கின்றன.

விடை சரிதானா என்று எப்படி நம்புவது? பட்டறையில் ஒரு வழி உண்டு. தகட்டைக் கிடையாகப் படுக்கவைத்து இடது விளிம்பின் கீழ் ஒரு கட்டையும் வலது விளிம்பின் கீழ் ஒரு கட்டையும் கொடுத்தால் ஒவ்வொரு கட்டையும் எவ்வளவு எடை தாங்கும் என்று பார்க்கலாம். துளை போட்ட தகட்டின் எடை 942-இலிருந்து 123.3-ஐக் கழித்து 818.7 கிலோ. மையம் இடமிருந்து 139.46 சென்டிமீட்டரில் இருந்தால், வலது கட்டை தாங்குவது 818.7 × 139.46 ÷ 300, அதாவது 380.6 கிலோ. இடது கட்டைக்கு மீதி 438.1 கிலோ.

இதையே புதிய மையத்தைத் தொடாமலும் கணக்கிடலாம். முழுத் தகடாக இருந்தபோது இரண்டு கட்டைகளும் தலா 471 கிலோ தாங்கின. வெட்டி எடுத்த வட்டம் 123.3 கிலோ, அது இருந்தது இடமிருந்து 220 சென்டிமீட்டரில். அந்த 123.3 கிலோவில் வலது கட்டையின் பங்கு 123.3 × 220 ÷ 300, அதாவது 90.4 கிலோ. இடது கட்டையின் பங்கு 32.9 கிலோ. வெட்டி எடுத்ததும் இந்தச் சுமை குறைந்துவிடும். 471-இலிருந்து 90.4 போனால் 380.6. 471-இலிருந்து 32.9 போனால் 438.1. இரண்டு வழியும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. எதிர்ப்பரப்பு என்று தாளில் எழுதுவதற்கு உண்மையில் பொருள் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. துளை என்பது கட்டைகளிலிருந்து இறக்கி வைத்த சுமை.

வீட்டில் சோதிக்க விரும்புகிறவர்களுக்கு எஃகு வேண்டாம், கெட்டியான அட்டை போதும். பத்தில் ஒரு பங்கு அளவில், 30 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். இடமிருந்து 22, கீழிருந்து 12 சென்டிமீட்டரில் மையம் வைத்து, 5 சென்டிமீட்டர் ஆரத்துக்கு வட்டம் எடுக்க வேண்டும். அட்டையின் ஒரு மூலையில் ஊசி குத்தி, அட்டை தடையில்லாமல் ஆடும்படி தொங்கவிட்டு, அதே ஊசியில் நூலும் நூலின் முனையில் ஏதாவது கனமான பொருளும் கட்ட வேண்டும். ஆட்டம் நின்றதும் நூல் போகும் வழியைப் பென்சிலால் வரைந்துவிட்டு வேறொரு மூலையில் இதையே செய்தால், இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் மையம். அது இடமிருந்து 14 சென்டிமீட்டருக்குச் சற்றே முன்னாலும், கீழிருந்து 9.7 சென்டிமீட்டரிலும் விழ வேண்டும். நகர்வு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம் என்பதால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அலையலையாக மடிப்பு உள்ள பெட்டி அட்டை, ஈரத்தில் வளைந்த அட்டை இரண்டும் வேண்டாம். ஊசிக்குத்து இறுகியிருந்தால் அட்டை சரியான நிலைக்கு வராமலே நின்றுவிடும், அப்போது கோடும் தவறிவிடும்.

கணக்கில் தவறு நேர்வது பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான். முதலாவது வகுக்கும் இடம். மேலே திருப்புத்திறனில் வட்டத்தைக் கழித்துவிட்டு, கீழே பழைய முழுப் பரப்பாலேயே வகுத்துவிடுவது. அப்படிச் செய்தால் 72,72,120 ÷ 60,000, அதாவது 121.2 வரும். எண் கொஞ்சம் நம்பும்படியாகவே இருப்பதால் இந்தத் தவறு எளிதில் கண்ணில் படாது. இதைப் பிடிக்க ஒரு நல்ல சோதனை உண்டு. துளையைத் தகட்டின் நட்ட நடுவுக்கு மனத்தில் நகர்த்திப் பார்க்க வேண்டும். நடுவில் துளை போட்டால் மையம் நகரக் கூடாது. தவறான வகுத்தலை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டால் 150-க்குப் பதில் 130.4 என்று வரும். நடுவில் போட்ட துளை மையத்தை இருபது சென்டிமீட்டர் நகர்த்துகிறது என்றால் சூத்திரத்தில்தான் கோளாறு.

இரண்டாவது, தூரங்களை வெவ்வேறு இடத்திலிருந்து அளப்பது. வரைபடத்தில் துளையின் இடத்தைச் சிலர் தகட்டின் மையத்திலிருந்து குறித்திருப்பார்கள். 70 என்று எழுதியிருக்கும். செவ்வகத்தின் மையமோ மூலையிலிருந்து 150 என்று இருக்கும். இரண்டையும் அப்படியே போட்டால் விடை 162.05 வரும். துளை வலப்பக்கம் இருக்கும்போது மையமும் வலப்பக்கம் போயிருக்கிறது. இது நடக்கவே முடியாது. எடை குறைந்த பக்கத்தை விட்டு மையம் விலகத்தான் செய்யும். கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டாலும் இதே அடையாளம்தான் தெரியும், விடை 158 என்று வந்து துளையை நோக்கிப் போகும். ஆகவே எண்களைச் சரிபார்க்கும் முன்பு திசையைச் சரிபார்த்துவிடுவது நல்லது. விட்டத்தை ஆரம் என்று எடுத்துக்கொண்டவர்களுக்கு மட்டும் இந்தச் சோதனை உதவாது. திசை சரியாகவே வரும், தூரம்தான் 77 சென்டிமீட்டருக்குக் குதித்துவிடும். தகட்டின் எட்டில் ஒரு பங்கை வெட்டியதற்கு மையம் அவ்வளவு தூரம் ஓடாது.

செவ்வகத்தை விட்டு வட்டத் தகட்டுக்கு வந்தால் இந்த முறை இன்னும் அழகாக இருக்கும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வரும் கணக்கு ஒன்று இந்தியா முழுவதும் மாணவர்கள் போட்டிருப்பது. ஒரு வட்டத் தகட்டில் அதன் ஆரத்தில் பாதி ஆரமுள்ள துளை, துளையின் மையம் தகட்டின் மையத்திலிருந்து பாதி ஆரத் தூரத்தில். அதாவது துளை ஒரு பக்கம் தகட்டின் விளிம்பையும் மறுபக்கம் தகட்டின் மையத்தையும் தொட்டுக்கொண்டிருக்கும். துளையின் பரப்பு முழுவதில் நான்கில் ஒரு பங்கு, மீதி நான்கில் மூன்று பங்கு. ஆகவே நகர்வு பாதி ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு, முழு ஆரத்தில் ஆறில் ஒரு பங்கு. பை என்ற எண்ணே கணக்கில் வரவில்லை, மேலும் கீழும் இருந்ததால் அடிபட்டுப் போய்விட்டது.

பாடநூல் அங்கே நின்றுவிடுகிறது. இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கலாம். துளை எப்போதும் விளிம்பை உள்ளிருந்து தொட்டபடியே இருக்கட்டும், அதன் அளவை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்? தகட்டின் ஆரம் 10 சென்டிமீட்டர் என்று கொள்வோம். துளையின் ஆரம் 5 ஆக இருக்கும்போது மையம் 1.67 சென்டிமீட்டர் நகர்கிறது. அந்த இடத்தில் உலோகம் இருக்கிறது. துளை 6 ஆகும்போது நகர்வு 2.25. துளையின் விளிம்பு தகட்டின் நடுவைத் தாண்டி 2 சென்டிமீட்டர் வந்துவிட்டது. மையம் இன்னும் உலோகத்தில்தான், ஆனால் விளிம்பிலிருந்து கால் சென்டிமீட்டரே தள்ளி. துளை 6.5 ஆகும்போது நகர்வு 2.56, துளையின் விளிம்போ 3 சென்டிமீட்டர் வந்துவிட்டது. மையம் துளைக்குள் விழுந்துவிட்டது. ஈர்ப்பு மையம் காற்றில் இருக்கிறது.

எந்த அளவில் இது சரியாக விளிம்பின் மேல் நிற்கும் என்று கணக்கிட்டால் ஓர் இருபடிச் சமன்பாடு கிடைக்கும். அதன் தீர்வில் தகட்டின் ஆரத்துக்கும் துளையின் ஆரத்துக்கும் உள்ள விகிதம் 1.618 என்று வரும். கணிதத்தில் பொன் விகிதம் என்று பேர்பெற்ற அதே எண். பத்து சென்டிமீட்டர் தகட்டுக்குத் துளையின் ஆரம் 6.18 சென்டிமீட்டர். அதற்குக் குறைவாக வெட்டிய அட்டையைப் பென்சில் முனையில் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் வெட்டியதை எந்த ஒரு முனையிலும் கிடையாக நிறுத்த முடியாது, நிறுத்த வேண்டிய இடத்தில் அட்டையே இல்லை. கிரேன் வேலையிலும் இதற்குப் பொருள் உண்டு. மையம் துளைக்குள் விழும் பொருளை ஒரே ஒரு கண்ணி பற்றவைத்து மட்டமாகத் தூக்க முடியாது. குறைந்தது மூன்று இடங்களில் பிடித்து, அந்தப் பிடிகள் கொக்கியில் சேரும் இடம் துளைக்குள் இருக்கும் அந்த வெற்றுப் புள்ளிக்கு மேலே வரும்படி பார்க்க வேண்டும்.

இந்த முறைக்குச் சில எல்லைகள் உண்டு. பரப்பை வைத்துக் கணக்கிட்டதெல்லாம் துளை தகட்டை முழுதாக ஊடுருவிப் போயிருந்தால்தான் செல்லும். 20 மில்லிமீட்டர் தகட்டில் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் குடைந்திருந்தால், கழிக்க வேண்டியது வட்டப் பரப்பில் பாதி, 3,927. மீதியாக வகுக்க வேண்டியதும் அதற்கேற்ப 56,073. நகர்வு 5.1 சென்டிமீட்டர். முழுத் துளையின் நகர்வில் சரி பாதியும் இல்லை, பாதியைவிடக் கொஞ்சம் குறைவு. வகுக்கும் எண்ணும் சேர்ந்து மாறியதால் அப்படி. துளையை வேறு உலோகத்தால் அடைத்திருந்தால் இரண்டு உலோகங்களின் எடை வித்தியாசத்தைத்தான் கழிக்க வேண்டும். ஈயத்தால் அடைத்தால் கழித்தல் கூட்டலாகவே மாறிவிடும், ஏனென்றால் ஈயம் எஃகைவிடக் கனமானது. மையம் துளையிலிருந்து விலகாமல் துளையை நோக்கி 4 சென்டிமீட்டர் வரும்.

இரண்டு துளைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் இரண்டு முழு வட்டங்களையும் கழிக்கக் கூடாது. பொதுவான பகுதி இரண்டு முறை கழிந்துவிடும், அதை ஒருமுறை திரும்பக் கூட்ட வேண்டும். துளை தகட்டின் விளிம்பைத் தாண்டிப் போனாலும் முழு வட்டத்தைக் கழிக்க முடியாது, தகட்டுக்குள் இருந்த பகுதியை மட்டுமே கழிக்கலாம்.

கிரேன் பக்கம் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கொக்கியை 139.5, 97 என்ற புள்ளிக்கு மேலே, அதே ஒன்றரை மீட்டர் உயரத்தில் நிறுத்த வேண்டுமென்றால் நான்கு சங்கிலிகளும் ஒரே நீளத்தில் இருக்க முடியாது. கணக்கிட்டால் இடப்பக்கத்துச் சங்கிலிகள் ஏறத்தாழ 227, 229 சென்டிமீட்டர், வலப்பக்கத்தவை 240, 243 சென்டிமீட்டர் வரும். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் வித்தியாசம்தான், அதைக் கண்ணியை மாற்றிப் போட்டுச் சரிசெய்துவிடலாம். அப்போதும் தகட்டைத் தரையிலிருந்து சில சென்டிமீட்டர் மட்டும் தூக்கி நிறுத்தி, மட்டம் பார்த்துவிட்டுத்தான் மேலே கொண்டுபோக வேண்டும். பற்றவைத்த துண்டுகளும் தகட்டின் தடிமனில் உள்ள சிறு வேறுபாடும் தாளில் உள்ள கணக்கில் சேர்ந்திருக்காது.

இதே கணக்கைத் திருப்பிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எஞ்சின் பட்டறைகளில் ஃப்ளைவீலைப் பேலன்ஸ் செய்யும்போது, மையம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை இயந்திரம் காட்டிவிடும். எங்கே, எவ்வளவு ஆழத்துக்குத் துளை போட்டால் அது நடுவுக்குத் திரும்பும் என்பதே அங்கே கேள்வி. 10 கிலோ எடையுள்ள ஒரு வார்ப்பிரும்பு ஃப்ளைவீலின் மையம் 0.1 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று கொள்வோம். கனமான பக்கத்தில், நடுவிலிருந்து 150 மில்லிமீட்டர் தூரத்தில் துளை போட இடம் இருக்கிறது. 10,000 கிராமை 0.1-ஆல் பெருக்கினால் 1,000. அதை 150-ஆல் வகுத்தால் 6.7 கிராம். இத்தனை இரும்பை அங்கிருந்து எடுத்துவிட்டால் மையம் நடுவுக்கு வந்துவிடும். வார்ப்பிரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.2 கிராம் என்று கொண்டால், 10 மில்லிமீட்டர் ட்ரில்லால் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் ஆழம் போதும்.

மெக்கானிக் கடையில் கழற்றிப் போட்டிருக்கும் ஃப்ளைவீலின் ஓரத்திலோ கிராங்க் ஷாஃப்டின் எதிர் எடையிலோ, எந்த போல்ட்டுக்கும் பயன்படாத ஆழம் குறைந்த துளைகள் ஒன்றிரண்டு இருக்கும். வாசகர்கள் கவனித்துப் பார்க்கலாம், அவற்றில் பல இந்தக் கணக்குக்காகப் போட்டவை.